தெற்கு ஜன்னல் வெயில்

பக்கத்து வீட்டில் டிஸ்டம்பர் அடிக்கிறார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு ஒரு பொய் வீடுதான் ஞாபகத்துக்கு வரும். பிளைவுட்டில் நானே போட்ட வீடு.

அப்போது சென்னையில் டிவி தொடருக்கு செட் போடும் வேலை எனக்கு. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் கதை. அங்கே மலைமேல் கரியாலூரில் போய் எடுப்பதாகத் திட்டம். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள், பஸ் கிடையாது. நீ அந்தப் பக்கத்து ஆள்தானே, ஊரை இங்கேயே போட்டுவிடு என்றார் டைரக்டர். எனக்குத் தெரிந்த ஊர் வடக்கனந்தல், தெரிந்த வீடு எங்கள் வீடு. அதையே போட்டேன்.

மூன்று சுவர்தான். நாலாவது இருக்க வேண்டிய இடத்தில் கேமரா. சுவரெல்லாம் சக்கரம் வைத்த தட்டிகள். ஒன்றைத் திருப்பிக் கரும்பலகை மாட்டினால் பள்ளிக்கூடம்; தராசும் மூட்டையும் வைத்தால் ரேஷன் கடை. ஜன்னலுக்கு வெளியே கல்வராயன் மலை வரைந்த படுதா இரண்டு, மழைக்குப் பச்சை, கோடைக்குப் பழுப்பு. கூடத்தில் நடக்கிற காட்சிகளையெல்லாம் சேர்த்தே எடுப்பார்கள். காலையில் பொங்கல், மதியம் ஐப்பசி அடைமழை. மழை வேறொன்றுமில்லை, ஓட்டை போட்ட குழாய். நடுவில் காலண்டரை மாற்றி, கரும்பை எடுத்துவிட்டு ஈரக் குடையைச் சாத்த வேண்டும். ஒருநாள் ஈரக் குடையோடே பொங்கல் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

கண் ஆபரேஷனுக்கு வந்திருந்த அப்பா, ஊர் திரும்ப வழியில்லாமல் என் அறையில் மாட்டிக்கொண்டார். நிலத்தை விட்டு ஓடிவந்தவன் என்று இரண்டு வருஷமாக என்னோடு பேச்சில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் சுவரைப் பார்த்துத்தான் கேட்பார். தனியே விட மனமில்லாமல் ஷூட்டிங்குக்குக் கூட்டிப்போனேன்.

பிளைவுட் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சுவரைத் தடவினார். பொங்கல் காட்சிக்கு லைட்மேன் மஞ்சள் தாள் கட்டிய விளக்கை வடக்கு ஜன்னலுக்கு வெளியே ஏற்றினார். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார்.

"இன்னாடா இது? தை மாசத்துல நம்ம வூட்டுல வடக்கு ஜன்னல்ல வெய்யில் வருமா? தெற்காலதான சாஞ்சிக்கினு வரும்."

நம்ம வூடு என்றார். லைட்மேன் முறைக்க முறைக்க விளக்கைத் தெற்கு ஜன்னலுக்கு மாற்றச் சொன்னேன். கூடத்தில் தை பிறந்துவிட்டது. என் கண் கலங்கியது. லைட் சூடு என்று சமாளித்தேன். அன்று சாயங்காலம் வரை அவர் வாய் ஓயவில்லை. ஆனியில் வடக்கே வரும், ஐப்பசியில் வெய்யிலே கம்மி என்று மாதம் மாதமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

மூன்றாம் நாள் மரங்களை அப்புறப்படுத்திவிட்டதாகச் செய்தி வந்தது. இன்னும் ஒரு வாரம் கிடந்தால் என்ன என்று நினைத்தேன். ஊரே பஸ்ஸுக்குத் தவித்தபோது அப்படி நினைத்ததற்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது. பஸ் ஏறும்போது அப்பா, "சித்திரைக்கு வா" என்றார்.

தொடர் முடிந்ததும் தட்டிகளுக்கு நீலம் அடித்து ஆஸ்பத்திரியாக்கிவிட்டார்கள். பிறகு அப்பா போய்ச் சேர்ந்தார். வடக்கனந்தல் வீட்டையும் இடித்துவிட்டோம். அதில் எனக்கு எத்தனையோ தை பிறந்திருக்கிறது. அங்கே அவர் என்னிடம் என்ன பேசினார் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.