வலது பாதியைக் கடைசியாகத் தொடு

எங்கள் காரில் ஒன்பது அங்குலத் திரை ஒன்று இருக்கிறது. பழைய கார் வாங்கியபோது அதிலிருந்த ரேடியோவைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலத்தில் ஒரு கடையில் என் கணவர் மாட்டிக்கொண்டு வந்தது. பாட்டு, ரிவர்ஸ் கேமரா, இவை தவிர அதில் வேறெதையும் நான் தொட்டதில்லை. தொட்டால் எதுவோ கெட்டுவிடும் என்கிற பயம். அதே திரையைப் பார்த்து, நிறுத்திவைத்த காருக்குள் தனியாக உட்கார்ந்து நான் கைதட்டுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மகனுக்கு மூன்று வயது. பேச்சு வரத் தாமதமானதால் புதன்கிழமைதோறும் சேலத்துக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். நாங்கள் இருப்பது நாமக்கல் பக்கம், முட்டைக்கோழிப் பண்ணையோடு ஒட்டிய வீட்டில். கோழி ஷெட் நான்கு பக்கமும் மூடியது. ஒரு முனையில் காற்றைக் குளிர்விக்கும் ஈரத் தடுப்பு, மறுமுனையில் பெரிய மின்விசிறிகள். விசிறி நின்றால் உள்ளே சூடு வேகமாக ஏறும். சித்திரை வெயிலில் கோழிகள் தாங்காது. ஷெட்டின் வெப்பநிலையைக் காட்டும் ஆப் என் போனில் இருந்தது. கணவர் முட்டை லோடோடு கேரளா போய்விடும் நாட்களில் அதைப் பார்ப்பது என் பொறுப்பு. மாமனாருக்குக் கண் அறுவை சிகிச்சை முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. போனின் சின்ன எழுத்து அவருக்குத் தெரியாது.

சிக்கல் அந்தப் போனில்தான். சேலம் போய்ச் சேரும்வரை மகன் பின்சீட்டில் பெல்ட்டோடு உட்கார வேண்டுமென்றால் கையில் போன் இருக்க வேண்டும். ஒரு புதன்கிழமை ஷெட்டில் சூடு ஏறி எச்சரிக்கை வந்திருக்கிறது. அது பாட்டை மறைத்ததால் அவன் விரலால் தள்ளிவிட்டான். பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் தற்செயலாக உள்ளே போனதால் ஒன்றும் ஆகவில்லை.

அன்று சாயங்காலம் மாமா என்னைக் கூப்பிட்டார்.

"அம்மணி, வெய்யில் காலம் முடியட்டும். ஆடி காத்து அடிக்கறப்போ சேலம் போயிக்கலாம்."

"நடுவுல உட்டா பழகுனதெல்லாம் மறந்துருவான்னு பயிற்சி குடுக்கற மேடம் சொல்றாங்க மாமா."

"ஷெட்டு நிறைய உசுரு கெடக்குது சாமி. நான் என்ன பண்ணட்டும்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத் தூக்கம் வரவில்லை. மகன் அப்போதுதான் 'தா' என்று கேட்கத் தொடங்கியிருந்தான். நான்கு மாதம் நின்றுவிட்டால்? கோழிகள் செத்தால்? இரண்டு கேள்வியையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தபோதுதான், காரிலிருக்கும் திரையும் ஆண்ட்ராய்டுதானே என்று தோன்றியது. அதற்கென்றே ஒரு சிம்மும் அதில் போட்டிருக்கிறது. ஷெட் ஆப்பை அதிலேயே ஏற்றிவிட்டால் போன் மகனிடமே இருக்கட்டும்.

அந்த ஆப் பிளே ஸ்டோரில் கிடையாது. ஷெட்டுக்குக் கருவி பொருத்திய கம்பெனிக்காரர் வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்பியது. இணையத்தில் யாரோ போட்டுவைத்ததாக இருந்தால் தொட்டிருக்க மாட்டேன். மடிக்கணினி வழியாக அதைப் பென்டிரைவில் ஏற்றி, காரின் யுஎஸ்பியில் செருகி, கோப்பைத் திறந்தேன். தெரியாத இடத்திலிருந்து வரும் ஆப்பை அனுமதிக்கவா என்று கேட்டது. அந்த ஒரு முறைக்கு அனுமதித்தேன். 'ஆப் நாட் இன்ஸ்டால்ட்' என்றது. மறுபடி, மறுபடி, அதே பதில்.

திரையை மாட்டிய கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"அதெப்படிங்க ஏறாம இருக்கும்? ஆண்ட்ராய்டு பதிமூணுங்க அது. பெட்டியிலயே போட்டிருக்குமே."

பெட்டியில் போட்டிருந்தது. அமைப்புகளிலும் பதிமூன்று என்றே இருந்தது. கருவியின் உண்மை விவரத்தைக் காட்டும் சின்ன ஆப் ஒன்றைப் பிளே ஸ்டோரிலிருந்து இறக்கிப் பார்த்தால், ஆண்ட்ராய்டு ஒன்பது. நினைவகம் இரண்டு ஜிபி. அதைவிட முக்கியமாக, உள்ளே ஓடுவது முப்பத்திரண்டு பிட் அமைப்பு. என் கையிலிருந்த கோப்பு அறுபத்து நான்கு பிட்டுக்கு மட்டும் ஆனது. எப்படி ஏறும்? கம்பெனிக்காரரிடம் சொன்னேன். அன்று மத்தியானமே வேறு கோப்பு அனுப்பினார். ஏறிவிட்டது. ஷெட் 27.1 என்று பெரிய எழுத்தில் வந்தது. அப்போதுதான் கைதட்டினேன்.

உடனே அடுத்த ஆசை. சேலத்துக்குள் ஐந்து ரோடு பக்கம் போனால் எந்தப் பாலத்தில் ஏறுவது, எதன் அடியில் போவது என்று எனக்கு இன்றுவரை குழப்பம். மேப்பும் வேண்டும், ஷெட்டும் வேண்டும். திரையைப் பிரிக்க முயன்றபோது, இந்த ஆப் அதற்கு ஒத்துவராது என்றது. தேடிப் படித்ததில் வழி கிடைத்தது. அமைப்புகளில் பில்ட் எண்ணை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் பகுதி திறக்கும். அதில் எல்லா ஆப்பையும் அளவு மாற வைக்கும் ஒரு தேர்வு இருக்கிறது. அதைப் போட்டு, திரையை அணைத்து மறுபடி போட்டேன். இடது பாதியில் மேப், வலது பாதியில் ஷெட். ஜன்னலைத் தட்டி மகனைக் கூப்பிட்டு, காரில் ஏற்றிக் காட்டினேன். அவன் கோழிப் படத்தைத் தேடிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

ஆனால் நிலைக்கவில்லை. ஊருக்குள் ஓட்டிப் பார்த்தபோது ஒருமுறை மேப் மூடிக்கொண்டது, ஒருமுறை திரையே உறைந்து, தானாக அணைந்து மறுபடி வந்தது. இரண்டு ஜிபியில் நான் ஏற்றியிருந்தது கொஞ்சமா? மகனுக்கு ரைம்ஸ், இன்னொரு ரைம்ஸ், அசையும் சுவர்ப்படம், நான் கேட்காமலேயே இருந்த நான்கைந்து ஆப்கள். எல்லாவற்றையும் நீக்கினேன். தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்தினேன். பேட்டரியை மிச்சப்படுத்தும் பட்டியலிலிருந்து ஷெட் ஆப்பை விடுவித்தேன். சாவியைத் திருப்பிக் காரை அணைக்கும்போது திரை முழுதாக அணையாமல் தூங்கும்படி வைத்தேன். ரிவர்ஸ் போட்டால் கேமரா முழுத் திரையையும் எடுத்துக்கொண்டு, கியரை மாற்றியதும் இரண்டு பாதியும் அப்படியே திரும்பி வந்தன. இரண்டு நாள் ஒரு குறையும் இல்லை. மாமாவிடம் சொன்னேன்.

"அப்ப நானும் கூட வந்து பாக்கறேன். அப்புறம் சொல்றேன்" என்றார் மாமா.

புதன்கிழமை கறுப்புக் கண்ணாடியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மகன் பின்னால் போனோடு. வலது பாதியில் 27.4. எழுத்து பெரிதாக இருந்ததால் மாமாவுக்கும் தெரிந்தது.

"இந்தப் பக்கம் என்னது இது, ரோடா? நாமக்கல்லுல இருந்து சேலத்துக்கு ரோடு தெரியாதவிய யாரு இருக்கறாங்க?"

"சேலத்துக்குள்ள எனக்குத் தெரியாதுங்க மாமா."

"அப்ப சேலம் வந்து போட்டுக்கலாமல்ல. கோழியப் பெருசாக் காட்டச் சொல்லு."

புதுச்சத்திரம் தாண்டும்போது, போகும் வழியில் பெட்ரோல் பங்க் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். காரை ஓரம்கட்டி மேப்பில் தேடிவிட்டு மறுபடி கிளம்பினேன். ஆண்டகளூர் கேட் வந்தபோது மாமா திருப்தியாகச் சொன்னார்:

"பாத்தியா, புதுச்சத்திரத்துல இருந்த அதே இருபத்தியேழு நாலு. துளி ஆடல. நல்லாத்தான் பண்ணீருக்கற அம்மணி."

அந்தப் பாராட்டில் ஒரு நிமிஷம் மிதந்தேன். பிறகு அந்த எண்ணை மறுபடி பார்த்தேன். வெயில் ஏறிக்கொண்டிருக்கிறது. போனில் பார்த்த நாட்களில் அந்த எண் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருந்ததில்லை, 27.3, 27.6, 27.5 என்று துடித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவு தூரம் ஒரே எண்ணா? எனக்கு எல்லாமே சந்தேகம், இதுவும் அதில் ஒன்றாக இருக்கலாம். சொன்னால் மாமா என்ன முடிவெடுப்பார் என்றும் தெரியும். சொல்லாமல் சேலம் போய்விடலாம் என்று நினைத்தபடியே இண்டிகேட்டரைப் போட்டு ஒரு புளியமர நிழலில் நிறுத்தினேன்.

"ஏஞ்சாமி?"

"அது ஆடாம இருக்கறதுதாங்க மாமா பயமா இருக்குது."

மகனிடமிருந்து போனைக் கெஞ்சி வாங்கி, எந்த ஆப்பையும் நம்பாமல் பண்ணை அண்ணனையே அழைத்தேன்.

"அண்ணா, ஷெட்டு போர்டுல என்ன காட்டுது?"

"இருங்கம்மணி, பாத்துச் சொல்றேன்." காலடிச் சத்தம். "முப்பது புள்ளி ஒண்ணுங்க. அடடா, கடைசி ஃபேன் சுத்தலீங்க. பெல்ட்டு நழுவிக் கெடக்குதாட்ட இருக்குது. மாட்டிடறேனுங்க."

எச்சரிக்கை மணி அடிப்பது முப்பத்திரண்டில். அதுவரை எனக்குத் தெரிந்திருக்காது. திரையின் வலது பாதியைத் தொட்டேன். 27.4 சட்டென்று 30.1 ஆனது. பிறகு 30.2.

"அட, தொட்டா முழிச்சுக்குது" என்றார் மாமா.

அதுதான் விஷயம். ஒன்பதாம் ஆண்ட்ராய்டு போட்ட இந்தத் திரையில் இரண்டு ஆப்பும் கண்ணுக்குத் தெரிந்தாலும், கடைசியாகத் தொட்டது மட்டுமே விழித்திருக்கிறது. மற்றது இடைநிறுத்தத்தில் கிடக்கிறது. மேப் அந்த நிலையிலும் வழியைச் சொல்லிக்கொண்டே ஓடும். ஷெட் ஆப் அப்படியல்ல, கடைசி எண்ணைக் காட்டிக்கொண்டு நின்றுவிடும். பெட்ரோல் பங்க் தேட நான் மேப்பைத் தொட்டேன் அல்லவா, அந்த நொடியில் ஷெட் தூங்கிவிட்டது. இரண்டு நாளாக நிலையாக நிற்கிறது என்று நான் மகிழ்ந்ததில் எத்தனை முறை இப்படித் தூங்கியதோ.

நிறுத்தியிருந்த காரில் மாமா விளையாடத் தொடங்கினார். மேப்பைத் தொட்டார், எண் நின்றது. ஷெட்டைத் தொட்டார், எண் நகர்ந்தது, மேப்பில் எங்கள் நீல அம்பும் இருந்தது. மறுபடி மேப். மறுபடி ஷெட். கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுச் சிரித்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே 30.4 வரை ஏறி, 29.8 ஆகி, இறங்கத் தொடங்கியது. அங்கே பெல்ட் ஏறிவிட்டது.

"மேப்பப் போட்டாச்சா, கடைசியா ஒரு தட்டு கோழியத் தட்டோணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதானுங்க. கம்பெனிக்காரர்கிட்டயும் சொல்றேன். தொடாமலே ஓடற மாதிரி மாத்தித் தரச் சொல்லோணும்."

"மாத்தித் தரட்டும். அது வரைக்கும் தட்டிக்கலாம்." கொஞ்சம் யோசித்தார். "பேசாம சேலம் போயிருந்தீன்னா எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

பின்னாலிருந்து மகன், "தா, தா" என்று போனுக்குக் கை நீட்டினான். கொடுத்தேன்.

சேலத்துக்குள் நுழைந்ததும் மேப் சரியான பாலத்தில் ஏற்றிவிட்டது. பயிற்சி முடியும்வரை மாமா வெளியே பெஞ்சில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். திரும்பும்போது மல்லூர் தாண்டியதும், நான் கேட்காமலே சொன்னார்:

"அடுத்த புதன் நான் வரல. இந்த வெய்யில்ல என்னால ஆகாது. நீயே போயிட்டு வா."

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்ததால் அன்று கைதட்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் கைப்பையிலிருந்த பொட்டு அட்டையிலிருந்து சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து, திரையின் வலதுபுறச் சட்டத்தில் ஒட்டினேன். கடைசித் தட்டு எங்கே என்று மறக்காமலிருக்க. அடுத்த புதன் வருவதற்குள் மகன் அதைப் பிய்த்துத் தன் நெற்றியில் ஒட்டிக்கொண்டிருந்தான். அட்டையில் நிறைய இருந்தன. இன்னொன்றை ஒட்டிவிட்டு, மேப்பைப் போட்டு, ஷெட்டை ஒரு தட்டுத் தட்டி, எண் அசைகிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டுக் கிளம்பினேன்.