இரட்டைக் கொம்பு

“வீட்ல ரேஷன் கார்டு படிக்கவே ஆளில்ல, இவ கல்லைப் படிக்கப் போறாளாம்.”

கல்வெட்டியல் துறையில் நான் ஆய்வு மாணவியாகச் சேர்ந்த வாரம், அங்கிருந்த மூத்த மாணவர் ஒருவர் மாடிப்படியில் நின்று இப்படிச் சொன்னார். எனக்குக் கேட்காது என்று நினைத்திருப்பார். அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான்தான். ஆனால் அன்றிலிருந்து யாரிடமும் ஒரு சந்தேகம்கூடக் கேட்கக் கூடாது என்று இருந்துவிட்டேன்.

மேலூரைத் தாண்டி, வயல் நடுவே இருக்கும் ஒரு சிவன் கோயிலுக்குத் தனியாகப் போய்வந்தேன். மதில்சுவரில் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று. மன்னன் பெயரும் ஆட்சியாண்டும் தெளிவாக இருந்தன. எழுத்திருந்த கடைசிக் கல் ஒரு வணிகன் பெயரோடு முடிந்தது. அடுத்த கல் மொட்டையாக இருந்தது. எழுத்து தேய்ந்துவிட்டது என்று முடிவு செய்து, ஊகத்துக்கு இடும் சதுர அடைப்புக்குள் ‘எடுப்பித்த திருமதில்’ என்று நானே நிரப்பினேன். மதிலுக்குக் காலமும் கிடைத்தது, கட்டியவனும் கிடைத்தான். என் ஆய்வின் முதல் இயல் அதன்மேல்தான் நின்றது.

நெறியாளரிடம் இயலைக் கொடுத்த பிறகு, ஒரு படம் மங்கலாக இருந்ததால் மறுபடி போனேன். காலை வெயில் சுவரில் சாய்வாக விழுந்தது. வணிகன் பெயருக்குப் பின்னால், கீறல் என்று நான் விட்டிருந்த இடத்தில் இரண்டு கொம்புகள் தெரிந்தன. அந்தக் காலத்து ஐகாரம் அப்படித்தான், எழுத்துக்கு முன்னால் இரட்டைக் கொம்பாக நிற்கும். அதற்குரிய எழுத்து அடுத்த கல்லில் இருக்க வேண்டும். அங்கே இல்லை.

சுவர் முழுக்கத் தேடினேன். மூலையில், தண்ணீர் போகும் வழிக்குப் பக்கத்தில், தலைகீழாக ஒரு கல். கழுத்தைத் திருப்பிப் படித்தேன்.

கோயில் பெருக்கும் அக்கா வாரியலோடு நின்றார். “என்னத்தா, கழுத்து சுளுக்கிக்கிருச்சா?”

“இல்லக்கா, கல்லு தலைகீழா இருக்கு.”

“அப்ப கட்டுனவனுக்குப் படிக்கத் தெரியாது போல.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘வத்த திருநந்தாவிளக்கு ஒன்று’ என்று தொடங்கியது அந்தக் கல். கொம்பு அங்கே, எழுத்து இங்கே. சேர்த்தால் ‘வைத்த’. அந்த வணிகன் மதில் கட்டவில்லை, கோயிலில் அணையாமல் எரிய ஒரு விளக்கு வைத்திருக்கிறான். அது எரிந்த காலத்துக்குப் பிறகு எப்போதோ, பழைய கல்லைப் பிரித்து மாற்றி அடுக்கி யாரோ எழுப்பியது இந்தச் சுவர். அவர்கள் யாரென்று கல் சொல்லவில்லை.

“சாப்பிட்டியாத்தா?” என்று அக்கா கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். சாப்பிட்டிருக்கவில்லை. கண்டுபிடித்ததைச் சொல்ல வேறு யாரும் இல்லாததால் அவரிடமே சொன்னேன். “விளக்கா? அதுவும் நல்லதுதானே” என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போனார்.

மேலூர் பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, இயலைத் திரும்பப் பெறுவதாக நெறியாளருக்கு எழுதினேன். பிறகு இரண்டு கல்லின் படங்களையும் அந்த மூத்த மாணவருக்கு அனுப்பினேன். “அண்ணே, நான் தப்பாப் படிச்சுட்டேன். இப்ப சரியான்னு பாத்துச் சொல்லுங்க.”