சிரிப்பு என்று எழுதாத பக்கம்

பொன்னுதுரை சுந்தரியை முதன்முதலில் பார்த்தது காஜா பெராங் சாலையில், மாலை வகுப்பு நடக்கும் கடைவீட்டு மாடிப்படியில். மேலே போக இடம்விடாமல் படியின் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "தங்கச்சி, கொஞ்சம் ஒதுங்கு" என்று பின்னாலிருந்து சொன்னார். அவள் அசையவில்லை. திமிர் பிடித்த பிள்ளை போலிருக்கிறது என்று நினைத்துத் தோளைத் தட்டினார். திடுக்கிட்டுத் திரும்பியவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, தேவைக்கு மேல் சத்தமாக, "எனக்குக் கேக்காதுண்ணே. முன்னாடி வந்து நின்னு சொல்லுங்க" என்றாள். மாடியிலிருந்த இரண்டு பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். பொன்னுதுரைக்கு முகம் சுண்டிப்போனது.

முழுப் பெயர் சிவகாமசுந்தரி. மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த அடுத்த ஆண்டு காசநோய் வந்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். அப்பாவை அதே நோய் ஏற்கெனவே கொண்டுபோயிருந்தது. இவளை ஊசி காப்பாற்றியது. காப்பாற்றிய ஊசியே இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. அந்தக் காலத்தில் அப்படிப் பலருக்கு நடந்தது. பேச்சு மட்டும் போகவில்லை. ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் அது மெல்ல மெல்ல ஏற்ற இறக்கமற்றுப் போய்க்கொண்டிருந்தது. சீனியர் கேம்பிரிட்ஜ் பள்ளியிறுதித் தேர்வை எழுதித் தேறிவிட்டால் எங்காவது கோப்பு அடுக்கும் வேலையாவது கிடைக்கும், அம்மா ருக்மணி பிறர் வீட்டுத் துணி துவைப்பதை நிறுத்தலாம். அவள் கணக்கு அவ்வளவுதான்.

வகுப்பை நடத்தியவர் வேலாயுதம், பழைய பள்ளி ஆய்வாளர். தனித் தேர்வராக யாரை அனுப்புவது என்பது அவர் கையில் இருந்தது. முன்னோட்டத் தேர்வில் தேறாதவர் பெயரை அவர் அனுப்பமாட்டார். ஆங்கில உச்சரிப்புப் பழக வகுப்பில் ஒரு ஒலிநாடாப் பெட்டி வாங்கி வைத்திருந்தார்கள். அதில் பாடங்களைப் பதிவு செய்து யாராவது எழுதிக் கொடுத்தால் இந்தப் பெண் சமாளிப்பாள் என்று ருக்மணி கெஞ்சினாள். வேலாயுதம் அரை மனதாக ஒத்துக்கொண்டார். எழுதுவதற்கு ஆள் தேடியபோது எல்லாருக்கும் பொன்னுதுரை ஞாபகம் வந்தார். அவர் டவுனில் ஒரு லாயர் ஆபீசில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. சாட்சி சொல்வதைக் கேள்வி, பதில் என்று பிரித்து எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை என்று பெயர்.

நாடா ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும். பிறகு திருப்பிப் போட வேண்டும். அந்த இடைவெளியில் பேசியது போனது போனதுதான். ஞாயிறுகளில் பொன்னுதுரை பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, நாலு வார்த்தை ஓடவிட்டு நிறுத்தி, சுற்றிப் பின்னால் போய் மறுபடி கேட்டு எழுதுவார். முதல் கட்டுத் தாள்களை சுந்தரி வாசித்துவிட்டுத் திருப்பிக் கொண்டுவந்தாள்.

"நல்லா இருக்குண்ணே. ஆனா யாரு பேசுறாங்கன்னு தெரியல. வாத்தியார் சொன்னதா, பையன் உளறுனதா? உளறலை மனப்பாடம் பண்ணிட்டுப் போனா நான் எங்க போறது?"

அதன் பிறகு இடது ஓரத்தில் ஆள் பெயர் வந்தது. ஆசிரியர் ஜெயபாலனுக்கு 'ஆ'. மாணவர்களுக்கு முதல் எழுத்து. குரல் யாருடையது என்று பிடிபடாவிட்டால் 'ஒரு மாணவன்'. காதில் சரியாக விழாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் 'தெளிவில்லை'. அடுத்தது சத்தங்கள். கீழே போகும் பஸ், எதிர்க் கடையில் தகரம் தட்டுவது, இதெல்லாம் வேண்டாம். ஆனால் பஸ் சத்தத்தில் வாத்தியார் பேச்சு முங்கிப்போனால் அதை எழுத வேண்டும். சுண்ணாம்புக் கட்டி கீச்சிட்டால் 'பலகையில் எழுதுகிறார்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்தால், அவள் தன் வகுப்பு நோட்டில் அந்த இடத்தைத் தேடிப் பொருத்திக்கொள்வாள். ஜெயபாலனுக்கு முக்கியமான சங்கதியைச் சொல்லுமுன் மேசையை இரண்டு முறை தட்டும் பழக்கம் உண்டு. பரீட்சைக்கு வருவது எது என்று மற்ற பிள்ளைகள் அந்தத் தட்டலை வைத்தே பிடித்தார்கள். அதையும் குறிக்கச் சொன்னாள்.

"எல்லாரும் ஒரே நேரத்துல தலையைத் திருப்புனா ஏன் திருப்புனாங்கன்னு எனக்குத் தெரியணும்ணே. அவ்வளவுதான்."

பொன்னுதுரையின் மனைவி பூங்காவனம் காய் நறுக்கிக்கொண்டே இதையெல்லாம் பார்ப்பாள். "கட்டுனவ பேசுறதை என்னைக்காவது இப்படி நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கீங்களா?" என்பாள். "நீ நிறுத்துனாத்தானே" என்பார் அவர்.

அப்படி இருக்கையில் ஒரு வாரம் சுந்தரி வகுப்பில் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நாடாவில் அவள் குரல் தட்டையாக, உரக்க வந்தது. அது முடிந்ததும் பின்வரிசையில் எவனோ அதே குரலில், அதே இழுவையில், அவளைப் போலவே சொல்லிக் காட்டினான். அறை முழுக்கச் சிரித்தது. ஜெயபாலன் அதட்டினார், ஆனால் அவர் குரலிலும் சிரிப்பின் மிச்சம் இருந்தது. பொன்னுதுரை அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். பூங்காவனம் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

கேள்வியை எழுதினார், பதிலை எழுதினார். நடுவில் இருந்ததை விட்டுவிட்டார். அடுத்த முறை சுந்தரி, அன்றைக்கு எல்லாரும் வாயைத் திறந்தார்களே, என்ன அது என்று கேட்டபோது, யாரோ ஒருவன் நாற்காலியிலிருந்து விழுந்தான் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதிக் காட்டினார். அவள் சிரித்தாள். அவருக்கு அது சரியான காரியமாகவே பட்டது. பிறகு ஒரு யோசனை வந்தது: ஒரு சிரிப்பை எழுதி ஒரு சிரிப்பை விட்டால் அவள் கண்டுபிடித்துவிடுவாள், ஆகவே சிரிப்பையே எழுத வேண்டாம். கோர்ட்டிலும் அப்படித்தானே? சாட்சி அழுதாலும், பார்வையாளர் சிரித்தாலும், வாக்குமூலத்தில் ஏறுவது வார்த்தை மட்டும்தான். இத்தனை வருஷம் அப்படி எழுதித்தான் அவர் நல்ல பெயர் வாங்கியிருந்தார்.

முன்னோட்டத் தேர்வில் உடல்நலவியல் தாளில் காசநோய் எப்படிப் பரவுகிறது என்று ஒரு கேள்வி வந்தது. முடிவு வந்த மாலை வேலாயுதம் பொன்னுதுரையை ஆபீஸ் முடிந்ததும் வரச் சொன்னார். மாடியறையில் ஜெயபாலனும் இருந்தார். சுந்தரியும் ருக்மணியும் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். வேலாயுதம் விடைத்தாளை நீட்டினார்.

காசம் இரண்டு வகையில் வரும் என்று எழுதியிருந்தாள். ஒன்று இருமலில், சளியில் உள்ள கிருமியால். மற்றது ரத்தத்தில், அப்பனிடமிருந்து பிள்ளைக்கு. இரண்டாம் வகைக்கு ஊசி மருந்து பயன்படாது. அது பிள்ளையின் பிள்ளைக்கும் போகும். தெளிவான கையெழுத்து, ஒரு அடித்தல் திருத்தல் கிடையாது.

"நான் இதைச் சொல்லிக் குடுத்தேனா?" என்றார் ஜெயபாலன். "கேட்டா, நோட்ஸுல இருக்குங்கிறா."

பொன்னுதுரை நோட்ஸை வாங்கிப் புரட்டினார். இருந்தது. 'ஆ' என்று ஓரத்தில் போட்டு, அவர் கையாலேயே எழுதியிருந்தது. அந்த நாடா அவர் நினைவுக்கு வந்தது. ஜெயபாலன் பாடத்தைத் தொடங்கும்போது எஸ்டேட்டில் மருந்து கொடுக்கும் பழைய டிரெசர் ஒருவரைப் போலக் குரலை மாற்றி, மூக்கால் பேசி நடித்திருந்தார்: காசமெல்லாம் ரத்தத்துல வர்றதுய்யா, ஊசி போட்டு என்ன பிரயோசனம். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அது தப்பு என்று அவர் தனியாகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சிரிப்பு ஓய்ந்ததும், சரி, பாடத்துக்கு வருவோம் என்று கிருமியைப் பற்றி ஆரம்பித்துவிட்டார். அப்போது அவர் பின்வரிசைப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த சுந்தரி அவர் வாயைப் பார்த்திருக்க முடியாது.

குரல் மாறியதை எழுதாமல், சிரிப்பையும் எழுதாமல், வார்த்தையை மட்டும் எழுதிவிட்டார்.

பொன்னுதுரை ஒன்றையும் மறைக்கவில்லை. பிள்ளை மேல் தவறில்லை, தான்தான் விட்டுவிட்டேன் என்றார். ஜெயபாலனுக்கு அந்த நடிப்பு நினைவிருந்தது, ஆனால் அதை யாரும் பாடம் என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். நாடாவை ஓட்டிப் பார்க்கலாம் என்றால், புது நாடாவுக்கு வழியில்லாமல் அதன்மேலேயே இரண்டு மூன்று பாடங்கள் பதிவாகிவிட்டன. வேலாயுதம் கடைசிவரை கேட்டார். மற்ற பாடங்களில் அவள் தேறியிருக்கிறாள், இந்த ஒன்றில்தான் இல்லை என்பதையும் மறுக்கவில்லை.

"பொன்னுதுரை, நீங்க சொல்றது உண்மையாவே இருக்கட்டும். அப்ப மத்த நோட்ஸுல என்னென்ன விட்டுப்போச்சோ, யாருக்குத் தெரியும்? இத நம்பி ஒரு பிள்ளைய நான் எப்படிப் பரீட்சைக்கு அனுப்புறது? மத்தவங்க பேரெல்லாம் அனுப்பியாச்சு. நாளு முடிஞ்சிருச்சு."

ருக்மணி அழத் தொடங்கினாள். அந்த அழுகையில்தான் மற்றது வெளிவந்தது. மாதக்கணக்காக சுந்தரி தன் தட்டையும் டம்ளரையும் தனியாகக் கழுவி வைத்துக்கொள்கிறாளாம். செமாபோக்கிலிருந்து ஒரு வரன் விசாரித்து வந்தபோது, அம்மாவிடம்கூடக் கேட்காமல் அவளே முகத்துக்கு நேராக வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். ஏன் என்று கேட்டதற்குப் பதிலே சொல்லவில்லையாம்.

நடந்தது அத்தனையையும் பொன்னுதுரை ஒரு தாளில் எழுதி சுந்தரியிடம் கொடுத்தார். பின்வரிசைப் பையன் அவளைப் போலப் பேசியதையும், நாற்காலியிலிருந்து யாரும் விழவில்லை என்பதையும் சேர்த்தே எழுதினார். அவள் நிதானமாக வாசித்தாள். பிறகு யாரையும் பாராமல் பேசினாள். அறையிலிருந்த எல்லாருக்கும் தேவைக்கு மேல் சத்தமாகக் கேட்டது.

"அவன் கேலி பண்றான்னு எனக்கு அப்பவே பட்டுச்சுண்ணே. பக்கத்துல இருந்தவ மூஞ்சியப் பாத்தேன். நீங்க எழுதாததால அது வேற எதோன்னு நெனச்சேன். உங்கள நம்பினேன்."

தாளை நாலாக மடித்தாள்.

"இத்தனை மாசமா, ஊசி போட்டுக் காது போனதும் வீணுதான்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

அடுத்த ஆண்டு பார்க்கலாம், ஒரு சத்தம் விடாமல் எழுதித் தருகிறேன் என்று பொன்னுதுரை எழுதிக் காட்டினார். அவள் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கோபம் இல்லை. "எழுதுவீங்கண்ணே. ஆனா ஒவ்வொரு பக்கத்துலயும் இங்க என்ன விட்டிருப்பீங்கன்னுதான் நான் தேடிக்கிட்டிருப்பேன். அதுக்கப்புறம் எங்க படிக்கிறது?" என்றாள். தாயைக் கைப்பிடித்து எழுப்பி, படியிறங்கிப் போனாள்.

பூங்காவனம் ஒரு முறை பலகாரம் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போய் வந்தாள். மரியாதையாக உட்காரவைத்துக் கோப்பி கொடுத்தார்களாம். படிப்பைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லையாம். செமாபோக் வரனுக்கு ஆள் விட்டுப் பார்த்தாளாம் ருக்மணி. பையனுக்கு வேறு இடத்தில் முடிந்துவிட்டிருந்தது. வகுப்பில் அந்த ஏற்பாடு அத்தோடு நின்றது. கேலி பண்ணிய பையன் தேர்வில் தேறி, துறைமுக ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தான்.

சுந்தரி இப்போது கிளேபாங்கில் பெரியம்மா மகள் வீட்டில் இருக்கிறாள், பள்ளிப் பிள்ளைகளுக்குச் சட்டை தைக்கிறாள், மணமாகவில்லை. ருக்மணி இன்னும் துணி துவைக்கப் போகிறாள். பொன்னுதுரை அதே லாயர் ஆபீசில் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருக்கிறார்.