கட்டணத்தில் சேராதவை

டிராவல்ஸில் அவளுக்கு எழுத்தம்மா என்று பெயர். வைத்தவர் முதலாளி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு அப்படி ஒரு பெயர் வந்ததில் அவளுக்கே கொஞ்சம் கூச்சம்தான். அப்பா படுக்கையில் விழுந்த வருஷம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே டைப் அடிக்கப் பழகினாள். அந்தப் பழக்கம்தான் பிறகு இந்த அலுவலகத்தின் மூலை நாற்காலிக்குக் கொண்டுவந்து சேர்த்தது. வந்து பதினோரு வருஷம் ஆகிறது.

போன் அடித்தால் எடுக்கமாட்டாள். முன்பின் தெரியாத குரல் காதில் விழுந்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பேச்சு முதலாளிக்கு, எழுத்து அவளுக்கு என்று ஆகிவிட்டது. ஒவ்வொரு யாத்திரைக்கும் இன்ஸ்டாவில் போட விளம்பரப் படம் செய்வது முதலாளியின் மச்சான். படத்துக்குக் கீழே போடுகிற விவரத்தை எழுதுவது அவள். எந்தத் தேதி கிளம்பி எந்தத் தேதி திரும்புவது, எந்தெந்தத் தலம், கட்டணத்தில் சேர்ந்தவை, சேராதவை, முன்பணம் எப்போது, இரண்டாம் தவணை எப்போது, பாக்கி எப்போது, வராமல் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். இவ்வளவும் அதில் இருக்கவேண்டும்.

எழுதி முடித்ததும் தாளை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்குவாள். கீழே இஸ்திரிக் கடை. கடைக்காரம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, எழுதப் படிக்கத் தெரியாது, இடது முட்டி மடங்காது. அந்த அம்மா சட்டை தேய்க்கத் தேய்க்க இவள் எதிரே நின்று முதல் வரியிலிருந்து படிப்பாள். எந்த வரியில் இஸ்திரிப் பெட்டி நின்று, "இன்னொரு தடவ படி" என்று வருகிறதோ, அந்த வரியை மேலே போய் மாற்றி எழுதுவாள். "இதர செலவுகள்" என்று எழுதியது "டீ, தண்ணீர் பாட்டில், சுமை கூலி" என்று ஆனது அப்படித்தான். இந்த ஏற்பாடு முதலாளிக்குத் தெரியாது. தெரிந்தாலும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார். விவரம் படித்துவிட்டுப் போன் செய்கிறவர்கள் கேள்வி கேட்பது பாதியாகக் குறைந்திருந்தது. அது தன் படத்தால்தான் என்று மச்சான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பன்னிரண்டு நாள் மலை யாத்திரைக்கு மட்டும் அவள் கீழே இறங்கவில்லை. காலையில் எதிர்த்தெரு டிராவல்ஸ் அதே மலைக்கு ஒரு படம் போட்டுவிட்டது. மச்சானுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் சாப்பிடப் போன நேரத்தில் அவள் எழுதியதை எடுத்து இன்ஸ்டாவில் ஒட்டினான். ஏற்கவில்லை. படத்துக்குக் கீழே இரண்டாயிரத்து இருநூறு எழுத்துக்குமேல் போகாது. தமிழில் எழுதினால் புள்ளி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனி எழுத்தாகக் கணக்காகும். அவன் அடியிலிருந்து வரிகளை நீக்கிக்கொண்டே வந்தான், ஏற்றுக்கொண்டதும் நிறுத்தினான். அடியில் இருந்தவை சேராதவை. எட்டு வரியில் மூன்று மிஞ்சின. நுழைவுச் சீட்டு, கேமரா கட்டணம், டீயும் தண்ணீரும். போனவற்றில் ஒன்று, மலைமேல் கடைசி ஆறு கிலோமீட்டருக்கு ஆகும் குதிரை, டோலிக் கட்டணம்.

சாயங்காலம் அவள் அதைப் பார்த்துவிட்டு, ஐந்து வரி போய்விட்டதே என்று மச்சானிடம் சொன்னாள். கேட்கிறவர்களிடம் சொல்லிக்கொள்ளலாம் அக்கா, முழுசா போட்டா பயந்துக்குவாங்க என்றான் அவன். பதினான்கு பேர் அதற்குள் முன்பணம் கட்டியிருந்தார்கள். அவள் தன் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வாரம் போனால் அப்புறம் சொல்வதற்குத் தனித் தைரியம் வேண்டும், அது அவளிடம் இல்லை.

படம் போட்ட மூன்றாவது வாரத்தில்தான் இஸ்திரிக்கடையம்மா முந்தானையில் முடிந்த பணத்தோடு மாடிப்படியில் ஒரு காலாக வைத்து ஏறி வந்தாள். இத்தனை வருஷமாய் யாத்திரையைக் காதால் கேட்டவள், முதல் தடவையாகப் பெயர் கொடுத்தாள். முதலாளியே எழுந்து நாற்காலி போட்டார். எழுத்தம்மாவுக்குச் சந்தோஷம். முட்டியைப் பற்றி நினைக்காமல் இல்லை. அந்த அம்மாவுக்கு எல்லாம் தெரியும், யோசித்துத்தான் வந்திருப்பாள் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இரண்டாம் தவணையும் சொன்ன தேதியில் வந்தது.

கிளம்புவதற்கு முப்பத்திரண்டு நாள் இருக்கும்போது, வேறு ஒரு பயண விவரத்தைப் படிக்க அவள் கீழே போனாள். பாதி படிக்கும்போது அந்த அம்மா பெட்டியை நிறுத்திவைத்தாள்.

"டோலின்னா நாற்காலி மாதிரி இருக்குமா, தொட்டில் மாதிரி இருக்குமா?"

"எதுக்குக்கா?"

"நான் சேலை கட்டிக்கிட்டு உட்காரணுமே. நாலு பேரு தூக்குறப்ப பாதியில சரிஞ்சா மானம் போயிடும்."

எழுத்தம்மா தாளைக் கீழே இறக்கினாள். அதற்குத் தனியாகப் பணம் கட்டவேண்டுமே என்று மெல்லக் கேட்டாள்.

"அது எப்படி? நீ எழுதினதை மருமக போன்ல ரெண்டு தடவ படிச்சா. சேராததுல மூணுதான் இருந்துச்சு. நீ சேராத ஒண்ண விடமாட்டியே, ஊசி நூலு வரைக்கும் போடுவியே. அப்ப அது சேர்ந்ததுதானேன்னு நான்தான் அவளுக்குச் சொன்னேன்."

கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுத்த சட்டையை விரித்தாள். எழுத்தம்மா நடந்ததைச் சொன்னாள். நீக்கியது மச்சான், பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது தான் என்று இரண்டையும் சொன்னாள். டோலி அங்கே போய்த்தான் பேசவேண்டும், ஆள் எடைக்கு ஏற்றபடி வாங்குவார்கள் என்றும், ஏறி இறங்க ஆகிற தொகையையும் சொன்னாள். இஸ்திரிக் கடையின் ஒரு மாத வருமானம் அது. அந்த அம்மா கொஞ்ச நேரம் காலரையே தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நிக்கணும்னா?"

"நாளன்னிக்கு வரைக்கும் நின்னா முன்பணம் போக மிச்சம் முழுசா வரும். அதுக்கப்புறம் பாதிதான்."

"ராத்திரி யோசிச்சிச் சொல்றேன். நீ படிக்க வந்ததைப் படி."

அவளால் படிக்க முடியவில்லை. மேலே போனாள். முதலாளி யாரிடமோ பஸ் வாடகை பேசிக்கொண்டிருந்தார். முடியும்வரை நின்றாள். முதலாளி முன்னால் அவள் அப்படி நின்றதேயில்லை, அதனால் அவரே போனைச் சீக்கிரம் வைத்தார். முப்பத்துநாலு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் நாளைக்குள் சொல்லியாகவேண்டும் என்றாள். முதலாளி தலையைச் சொறிந்தார். மச்சான், யாரும் கேட்கவில்லையே, தூங்குகிறவர்களை எதற்கு எழுப்பவேண்டும் என்றான். பத்துப் பேர் நின்றால் பஸ் வாடகையில் அவர்கள் பங்கு தன் தலையில்தான் விழும், தாங்கமுடியாது என்றார் முதலாளி. அதுவும் நியாயம்தான்.

"மலையடிவாரத்துல போய்த் தெரிஞ்சா, சார், நீங்கதான் கூடப் போறீங்க. முப்பத்துநாலு பேரும் உங்களைத்தான் பாப்பாங்க."

முதலாளி பெயர்ப் பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்தார். "சரி, யாரு போன் பண்றது? நான் பண்ணினா சண்டையாயிடும்."

மச்சான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் பெயர்ப் பட்டியலை எடுத்துக்கொண்டாள்.

முதல் போனுக்குச் சொல்லவேண்டியதைத் தாளில் எழுதிவைத்துப் படித்தாள். எதிர்முனை ஏதாவது குறுக்கே கேட்டால் விட்ட இடம் தெரியாமல் மறுபடி முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். ஓய்வுபெற்ற ஒரு வாத்தியார், "ரெக்கார்டு போட்டிருக்கீங்களாம்மா, மனுஷங்க யாராவது இருந்தா குடுங்க" என்றார். ஆறாவது போனுக்குத் தாளை மடித்துவைத்தாள். மறுநாள் மத்தியானத்துக்குள் முப்பத்துமூன்று பேரிடமும் பேசி முடித்தாள். பாதிப்பேருக்கு முன்பே தெரிந்திருந்தது, போய்வந்தவர்கள் சொல்லியிருந்தார்கள். இரண்டு பேர் திட்டினார்கள். நான்கு பேர் நின்றுகொண்டார்கள். ஒன்பது பேர் யோசிக்கிறோம் என்றார்கள்.

முப்பத்துநாலாவது பெயருக்குக் கீழே இறங்கினாள். அந்த அம்மா முடிவு செய்து வைத்திருந்தாள்.

"மலை ஏறலன்னா எனக்கு என்ன சேரும்?"

இவளுக்குப் புரியவில்லை.

"ஏறுறவங்களுக்கு இது சேரும், இது சேராதுன்னு எழுதுற. ஏறாதவளுக்கு? அன்னிக்குப் பகல் பூரா நான் எங்க இருப்பேன்?"

பதினோரு வருஷத்தில் அந்த வரியை அவள் எழுதியதில்லை. மேலே வந்து கேட்டாள். காலையில் விடுதியைக் காலி செய்து பெட்டிகளைப் பஸ்ஸில் ஏற்றிவிடுவோம், மலையிலிருந்து எல்லோரும் இறங்க மாலை ஆகும், அங்கிருந்து நேரே அடுத்த ஊர் என்றார் முதலாளி. ஏறாதவர்கள்? பஸ்ஸில் இருப்பார்கள். கழிப்பறை? அவர் பேனா மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். போன தடவை ஒரு பெரியவர் பஸ்ஸிலேயே பத்து மணிநேரம் உட்கார்ந்திருந்ததையும், இறங்கும்போது கால் வீங்கிப் போயிருந்ததையும் அவர்தான் பிறகு சொன்னார்.

அவள் சொன்னது ஒன்றுதான். விடுதியில் இரண்டு அறையை மட்டும் மாலைவரை வைத்துக்கொண்டு, மத்தியானச் சாப்பாட்டையும் அங்கேயே கொடுத்தால், யோசிக்கிற ஒன்பது பேரில் பாதியாவது நிற்கமாட்டார்கள். முதலாளி விடுதிக்காரருக்குப் போன் போட்டார். மாலைவரைக்கு அரை வாடகை என்று படிந்தது. அதை அவரே ஏற்றுக்கொண்டார். இதெல்லாம் நாலு வரி விட்டுப்போனதற்கு ஆன செலவு என்று மச்சான் காதில் விழும்படி இரண்டு தடவை சொன்னார். நாலு இல்லை, ஐந்து வரி என்றாள் எழுத்தம்மா. அவர் சிரித்துவிட்டார்.

அவள் மறுபடி ஒன்பது பேருக்கும் போன் செய்தாள். ஏழு பேர் வருகிறோம் என்றார்கள். இன்ஸ்டாவில் விவரத்தைத் திருத்தினாள். பன்னிரண்டு நாளையும் தனித்தனியாக வர்ணித்திருந்ததைச் சுருக்கி, சேராதவை எட்டையும் தேதிக்கு அடுத்தபடியாக மேலே ஏற்றினாள். சேர்ந்தவையில் ஒரு வரி புதிதாக வந்தது: "மலை ஏறாதவர்களுக்கு அடிவாரத்தில் மாலைவரை தங்க அறை, மதிய உணவு." எப்படியோ இரண்டாயிரத்து இருநூறுக்குள் அடங்கியது.

இருபத்தெட்டுப் பேரோடு பஸ் கிளம்பியது. இஸ்திரிக் கடை பன்னிரண்டு நாள் பூட்டிக்கிடந்தது. முதலாளி மலையடிவாரத்திலிருந்து ஒரு படம் அனுப்பினார், கட்டிலில் ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரிக்கடையம்மா ஓரத்தில் காலை நீட்டி, கேமராவைப் பார்க்காமல் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் பக்கமாக இருக்கலாம். அங்கிருந்து மலை தெரியுமா என்பது படத்தில் இல்லை.

திரும்பிவந்த மூன்றாம் நாள், அதே மலைக்கான அடுத்த யாத்திரைத் தாளோடு எழுத்தம்மா கீழே போனாள். எப்படி இருந்தது என்று கேட்க நினைத்து, கேட்காமல் படிக்க ஆரம்பித்தாள். அந்த அம்மா தேய்த்துக்கொண்டிருந்தாள். அடிவார அறை வரி வந்ததும் பெட்டி நின்றது.

"இன்னொரு தடவ படி."

படித்தாள்.

"அதுல வெந்நீர் வராது. அதையும் போடு."

எழுத்தம்மா காதில் செருகியிருந்த பேனாவை எடுத்து, துணி அடுக்கின்மேல் தாளை வைத்து, சேராதவையில் ஒன்பதாவதாக எழுதிக்கொண்டாள்.