பன்னிரண்டாவது வரி

டில்லி ஓக்லாவில் ஸ்பிரிங் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் சரக்கு இறங்குகிற மேடை நான் கட்டியது. கொத்தனார் கட்டினார், ஆனால் எங்கே, எத்தனை அடி உயரம் என்று சொன்னது நான். கம்பிச் சுருளில் துரு ஏறாமலிருக்கக் கீழே போட்ட மரக்கட்டைகள் என் யோசனை. தகரக் கூரைக்குள் சோதனை மேசை ஒன்று வாங்கிப் போட வைத்தேன். தள்ளிய சரக்குக்கு என்று சிவப்புப் பெயிண்ட் அடித்த மூலை ஒன்று ஒதுக்கினேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன், இந்தி ஒரு சொல் தெரியாமல் டில்லியில் இறங்கி மூட்டை தூக்கியவன், பத்து வருடத்தில் அந்த மேடைக்குப் பொறுப்பாளன் ஆனேன். கிட்வாய் நகரில் அரசாங்கக் குடியிருப்பில் இருந்த நம் ஊர்க்காரர்கள் ஆபீஸ் பையோடு பஸ் ஏறுவதைப் பார்த்து, நம் கையில் காகிதமில்லை, கைதான் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அந்தக் கையை வைத்தே இரண்டு பெண்களைப் படிக்க வைத்தேன். இதையெல்லாம் யாரும் எனக்குக் கொடுக்கவில்லை.

கம்பியைத் தொட்டால் எனக்குத் தெரிந்துவிடும். இது பெருமை இல்லை, வேலை. சுருளைத் தட்டினால் வருகிற சத்தம் ஒன்று. விரலை ஓட்டினால் நகத்தில் தட்டுப்படும் கீறல் ஒன்று. நான் வேண்டாம் என்றால் முதலாளி லாலாஜி கூட மறுபேச்சு பேசமாட்டார். ஆனால் கம்பி தட்டுப்பாடு வந்தால் மட்டும் போன் செய்வார். "மதராஸி, ஏக் தோ காயில் சல்னே தோ" என்பார். ஒன்றிரண்டு சுருள் போகட்டும் என்று அர்த்தம். நான் சிவப்பு மூலையிலிருந்து கொடுப்பேன். இருபது வருடமாக அப்படித்தான் நடந்தது.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் கம்ப்யூட்டர் வந்தது. கணக்கு எழுதுகிற கம்ப்யூட்டர் இல்லை. வாங்குவது, சோதிப்பது, கிடங்கு, உற்பத்தி எல்லாம் ஒரே வலையில் கோத்த பெரிய ஏற்பாடு. எல்லாரும் ஈ-ஆர்-பி என்றார்கள். அதை அமைக்க ஒரு மேடம் வந்தார். வயது நாற்பத்தைந்து இருக்கும், ஒரு பொதுத்துறை நிறுவனத்தில் தர சோதனைப் பிரிவை நடத்திவிட்டு வந்தவர். டில்லியிலேயே பிறந்த தமிழ்க்காரி. வீட்டில் கும்பகோணத்துப் பேச்சு, நடுவில் இந்தி.

வந்த அன்றே லாலாஜி என்னைக் கூப்பிட்டார். இனிச் சோதனையை டிப்ளமா படித்த இன்ஜினியர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்துச் செய்வார்கள், நீ பெரிய கேட்டில் உட்கார்ந்து வண்டியைப் பதிவு செய் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். ஆனால் வாட்ச்மேனுக்குப் பக்கத்து நாற்காலி அது. என் மேடை என் கையை விட்டுப் போகிறது என்று புரிந்தது.

போவதற்கு முன் மேடம் என்னை ஐந்து நாள் எதிரில் உட்கார வைத்தார்.

"சொல்லுங்கோ சார். இந்த ரெண்டரை மில்லி கம்பி வந்தா முதல்ல என்ன பாப்பேள்?"

"பாத்தாத் தெரியும் மேடம்."

"அச்சா. எனக்குத் தெரியாது. அதனாலதான் கேக்கறேன். எதை வெச்சுத் தெரியும்?"

அப்படியே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். விட்டத்தை மைக்ரோமீட்டரால் எத்தனை இடத்தில் அளப்பேன், எவ்வளவு கூடினால் விடுவேன், எவ்வளவு குறைந்தால் தள்ளுவேன். அதே கனமுள்ள தண்டில் கம்பியைச் சுற்றிப் பார்க்கும் சோதனையில் எத்தனை சுற்று, வெடிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டுமா, லென்ஸ் வேண்டுமா. ஆலைச் சான்றிதழ் எண் சுருளின் அட்டையோடு ஒத்துப்போகிறதா. இருபது சுருள் வந்தால் எத்தனையை எடுப்பேன்.

"மூணு."

"எந்த மூணு?"

"கைக்கு வர்ற மூணு."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தப் பதில் பின்னால் எங்கள் இருவர் முகத்திலும் அடிக்கப்போகிறது என்று தெரியாது.

ஐந்தாம் நாள் ஒரு தாளை அச்செடுத்து நீட்டினார். சோதனைத் திட்டம் என்று பெயர். பதினோரு வரி. எதைச் சோதிப்பது, எந்தக் கருவியால், எத்தனை மாதிரி, மேல் எல்லை, கீழ் எல்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். இருபது வருடம் என் விரலில் இருந்தது மொத்தமும் அந்தத் தாளில் இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. என் தலையை யாரோ வெளியே எடுத்து மேசையில் வைத்தது போல இருந்தது. பயமும் இருந்தது, ஒரு பக்திகூட இருந்தது.

மொத்தமும் என்றேனே, அது சரியில்லை. ஒன்றை நான் சொல்லவில்லை. தள்ளிய சரக்கைத் திருப்பி அனுப்பினால் சில சப்ளையர்கள் எண்ணெய் தடவி, அட்டையை மாற்றிப் புதுச் சலானோடு, அதாவது புதுச் சரக்குச் சீட்டோடு, அதையே அனுப்புவார்கள். அதனால் நான் தள்ளும் ஒவ்வொரு சுருளிலும் உள்முனையில், கட்டுக்கு அடியில், அரத்தால் மூன்று கோடு இழுத்துவிடுவேன். யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லிவிட்டால் என்னிடம் என்ன மிச்சம்? பையில் போட்டு வைத்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டர் ஓடத் தொடங்கிய பிறகு முதல் பெரிய சரக்கு, இருபது சுருள். கேட்டுக்குப் போக எனக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சரக்கு வரவு பதிந்ததுமே கம்ப்யூட்டர் தானாக ஒரு சோதனைத் தொகுதி எண் கொடுத்தது, பதினோரு வரியையும் திரையில் விரித்தது. சரக்கு இருப்பில் இருக்கிறது, ஆனால் சோதனையில் இருக்கிற இருப்பு. யாரும் எடுக்க முடியாது. சுற்றுச் சோதனையில் மூன்றில் இரண்டு வெடித்தன. இன்ஜினியர் அளவுகளைப் பதிந்து நிராகரிப்பு முடிவைக் கொடுத்தார். அந்த நொடியே இருபதும் தடுத்த இருப்புக்குப் போயின. நான் வழக்கம்போலச் சிவப்பு மூலைக்கு அனுப்பி, இருபதிலும் அரம் போட்டேன்.

மதியம் உற்பத்தி மேலாளர் ஓடி வந்தார். கம்பி இல்லாமல் மூன்றாம் மெஷின் நிற்கிறது. உடனே லாலாஜியின் போன். "தோ காயில் தே தோ, மதராஸி." இரண்டு சுருள் கொடு என்றார்.

"கம்ப்யூட்டர்லே போடணும் ஜி" என்று சொல்லிவிட்டு, உற்பத்திக்குக் கம்பி எடுப்பதாகப் பதியும்படி இன்ஜினியரிடம் சொன்னேன். திரையில் சிவப்பு எழுத்து வந்தது. பயன்படுத்தத்தக்க இருப்பு பூஜ்யம். மறுபடி போட்டோம். மறுபடி அதே.

லாலாஜி தானே இறங்கி வந்தார். மேடத்திடம், "இது என் ஃபேக்டரி" என்றார் இந்தியில்.

"ஆமா சார். தடுத்ததை நீங்க விடுவிக்கலாம். ஆனா விலக்குன்னு உங்க பேர்ல பதியணும், காரணம் எழுதணும். ஸ்பிரிங் உடைஞ்சா அந்தப் பேர்தான் முதல்ல வரும்."

அந்த ஸ்பிரிங் லிஃப்ட் பிரேக்கில் போவது. லாலாஜி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் பேரைப் பதியாமல் மேலே போய்விட்டார். அந்தக் கட்டடத்தில் அவரிடம் முடியாது என்று சொன்ன ஆளை நான் பார்த்ததே கிடையாது. இந்தப் பெட்டி சொன்னது. நான் அதைத் தொட்டுக் கும்பிடவில்லை, அவ்வளவுதான். சரக்கு அதே கொள்முதல் ஆணையின் பேரில் திருப்பி அனுப்பும் சலானோடு வெளியே போயிற்று.

ஆறு நாள் கழித்துப் பதிலுக்கு இருபது சுருள் வந்தது. நான் கேட்டு நாற்காலியில் இருந்தேன். வண்டியைப் பதிந்து உள்ளே விட்டேன். மேடையில் புது எண், புதுத் தொகுதி, சுத்தமான தாள். இன்ஜினியர் கைக்கு வந்த மூன்றை எடுத்தார், வண்டியின் வாசல் பக்கம் இருந்தவை. பதினோரு வரியும் தேறின. ஏற்பு முடிவு கொடுத்தார். சரக்கு நல்ல இருப்பு ஆயிற்று.

டிரைவருக்குச் சலானில் முத்திரை வாங்கிக் கொடுக்க மேடைப் பக்கம் போனேன். கால் தானாக நின்றது. நான்காவது சுருளின் கட்டுக்கு அடியில் விரலை விட்டேன். மூன்று கோடு. அடுத்ததில் மூன்று. இருபதையும் பார்த்தேன். வாசலில் இருந்த மூன்று மட்டும் புதுசு. மிச்சம் பதினேழும் என் அரம் தொட்ட பழைய சரக்கு.

பேசாமல் இருந்திருக்கலாம். ஸ்பிரிங் உடையும், லாலாஜி என்னைத் தேடி கேட்டுக்கு வருவார், என் மேடை எனக்குத் திரும்ப வரும். அப்படி ஒரு எண்ணம் வந்தது, வரவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அது லிஃப்ட். என் சின்னப் பெண்ணின் ஆபீஸ் எட்டாவது மாடி.

மேடத்தைக் கூட்டிவந்து காட்டினேன். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"இது எத்தனை வருஷமா பண்றேள்?"

"பதினஞ்சு இருக்கும்."

"அஞ்சு நாள் எதிர்ல உக்காந்தேளே. அப்ப இது எங்க போச்சு?"

"பையிலே இருந்துச்சு மேடம்."

"நல்ல பை" என்றார். வேறு திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கொடுத்த முடிவை அழிக்க முடியாது, அது நடந்த தேதியோடு நிற்கும் என்றார். ஆனால் சரக்கை நல்ல இருப்பிலிருந்து தடுத்த இருப்புக்கு மாற்றலாம். மாற்றினார். நான் அவரைக் கூட்டிவருவதற்குள் இரண்டு சுருள் மெஷினுக்குப் போயிருந்தது. எங்கே என்று தேடக் கிளம்பினேன். "நில்லுங்கோ" என்றார். தொகுதி எண்ணைத் தட்டினார். மூன்றாம் மெஷின், எந்த வேலை ஆணை, சுற்றிய ஸ்பிரிங் எந்தக் கூடையில் என்று வரிசையாக வந்தது. டீ ஆறுவதற்குள் கூடையோடு பிடித்து நிறுத்திவிட்டோம். அந்தக் காலமாக இருந்தால் இரண்டு நாள் கிடங்கைக் கிளறியிருப்பேன். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. நான் தொட்டால் சொல்வேன். ஆனால் அது மறப்பதில்லை. நான் சொல்லாதது மட்டும் அதற்குத் தெரியாது.

மறுநாள் திட்டத்தின் புதுப் பதிப்பு வந்தது. மாதிரியை வண்டியின் எந்த இடத்திலிருந்து எடுப்பது என்று கம்ப்யூட்டர் பக்கத்திலேயே சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும் என்று ஒரு குறிப்பு இருந்தது. தள்ளிய சுருள் ஒவ்வொன்றிலும் அரத்தால் கோடு போடாமல் வெளியே அனுப்பக் கூடாது என்று விதி வந்தது. பன்னிரண்டாவது வரி: உள்முனையில் அரக்கோடு, இருக்கக் கூடாது, எல்லாச் சுருளிலும் பார்க்க வேண்டும். மேடம் லாலாஜியிடம் போய், இவர் மேடையிலேயே இருக்கட்டும் என்றார். மேடை எனக்குத் திரும்ப வந்தது. இருந்த வரையில் எல்லாச் சுருளையும் நான் தொட்டேன்.

ஓய்வு பெற்று ரொம்ப நாளாயிற்று. அந்தத் திட்டம் இன்னும் அங்கே ஓடுகிறது. போன மாதம் போனபோது சுவரில் ஒட்டியிருந்தது. அடியில் இரண்டு கட்டம். தயாரித்தவர் என்ற இடத்தில் மேடத்தின் பெயர். அது நியாயம், அவர் இல்லாவிட்டால் அது தாளே இல்லை. ஒப்புதல் என்ற இடத்தில் லாலாஜியின் மகன் பெயர். திட்டம் எழுதியபோது அவர் வெளிநாட்டில் படித்துக்கொண்டிருந்தார்.

பதினோரு வரி என் விரலில் இருந்து வந்தது. பன்னிரண்டாவது என் பையில் இருந்து வந்தது. ஒளித்து வைத்தது தப்பு, அதை இங்கே எழுதிவிட்டேன். தொழிற்சாலையில் யாராவது இதைப் படித்தால், அந்தத் தாளில் மூன்றாவதாக, சொல்லிக் கொடுத்தவர் என்று ஒரு கட்டம் போடுங்கள். போட இடம் இருக்கிறது, நான் அளந்து பார்த்தேன், இரண்டு விரல் அகலம். என் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அதை எழுத வேண்டிய இடம் அது.