குழந்தைகள் குளத்தின் ஆழம்

பதினாறு வருடம் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நின்ற பெண் அவர். நாற்பத்து மூன்றாவது வயதில் வலது காது மந்தமானது. யாரிடமும் சொல்லாமல் சமாளித்துக்கொண்டிருந்தார். ஒருநாள் அறைகளைச் சுத்தம் செய்பவர்கள் போனில் “த்ரீ ஃபிஃப்டீன் ரெடி” என்றார்கள். இவர் காதில் “த்ரீ ஃபிஃப்டி” என்று விழுந்தது. அப்போதுதான் வந்திறங்கிய தம்பதியிடம் அந்தச் சாவியைக் கொடுத்து அனுப்பினார். உள்ளே ஒருவர் குளித்துவிட்டுத் துண்டோடு நின்றிருந்தார். அவர் போட்ட சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. “எனக்குத்தான் கேக்கல” என்று பிற்பாடு இவரே சொல்லிச் சிரிப்பார். அந்த மாதமே வேலையை விட்டுவிட்டார்.

மூன்று மாதம் கழித்து நாத்தனார் ஒரு வழி சொன்னார். மொழிபெயர்ப்பு நிறுவனம் ஒன்றில் ஹோட்டல் வேலை தெரிந்த தமிழ் ஆள் தேவைப்பட்டது. மொழிபெயர்ப்பதை இயந்திரமே செய்துவிடும். அது செய்ததைத் திருத்துவதுதான் வேலை. திரையின் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் இயந்திரத்தின் தமிழ், ஒவ்வொரு வாக்கியமாக.

முதல் வாரம் அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இலவசம் என்ற பொருளில் வந்த ‘காம்ப்ளிமென்டரி’ காலை உணவு ‘பாராட்டுக் காலை உணவு’ ஆகியிருந்தது. இரண்டு தனிக் கட்டில் போட்ட ‘ட்வின்’ அறை ‘இரட்டையர்களுக்கான அறை’.

“கூடப் பொறந்தவன் இல்லாம வந்தா ரூம் கிடையாதாமா?” என்று பக்கத்து மேசையில் கேட்டார்.

மரியாதையிலும் இதே கதைதான். முதல் வரியில் ‘உங்களை வரவேற்கிறோம்’ என்று கைகூப்பும் இயந்திரம், அடுத்த வரியில் ‘எங்களை அழைக்கத் தயங்காதே’ என்று ஒருமைக்கு இறங்கிவிடும். விருந்தாளியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எண்களில் மட்டும் சிரிக்கமாட்டார். வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பார். எண்களை ஒப்பிட ஒரு நிரல் இருந்தது. ஆனால் இடதில் 12, வலதிலும் 12 என்றால் அது பேசாமல் போய்விடும். விமான நிலையத்துக்குக் கடைசி வண்டி நள்ளிரவு 12 மணிக்கு என்பதை இயந்திரம் ‘மதியம் 12’ என்று எழுதியதை அவர்தான் பிடித்தார்.

ஒரு வியாழக்கிழமை, கடற்கரை விடுதி ஒன்றின் விவரங்கள் வந்தன. மாலை நாலு மணிக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று மணி வாக்கில் ஒரு வரியில் நின்றுவிட்டார். ‘குழந்தைகள் குளத்தின் ஆழம் 1.4 மீட்டர்.’ இயந்திரம் தவறு செய்யவில்லை. ஆங்கிலத்திலேயே அப்படித்தான் இருந்தது.

எழுந்து நின்று தோளருகே கையை வைத்துப் பார்த்தார். பிறகு குழுத் தலைவரிடம் போனார். இவரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர்.

“தம்பி, இந்த ஆழம் என் தோள் வரைக்கும் வருது. சின்னப் பிள்ளைங்க எப்படி நிப்பாங்க?”

“அக்கா, மூலத்துல இருக்கறத நாம மாத்தக் கூடாது. குறிப்பு போட்டு அனுப்பிடுங்க.”

“குறிப்ப யாரு எப்பப் படிப்பாங்க? அதுக்குள்ள இது வெளிய போயிடும்.”

“அப்ப என்ன பண்ணச் சொல்றீங்க?”

“நான் மாத்தல. கேட்டுச் சொல்லுங்க. பதில் வர்ற வரைக்கும் இந்த ஃபைல் போக வேண்டாம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். வாடிக்கையாளருக்குக் கடிதம் எழுதினார்.

பதில் மறுநாள் காலைதான் வந்தது. சரியான ஆழம் 0.4 மீட்டர். ஆங்கிலப் பக்கத்தைத் திருத்திவிட்டார்களாம். மற்ற ஒன்பது மொழிகளிலும் திருத்தச் சொல்லியிருந்தார்கள். ஒன்பதில் வேறு யாரும் கேட்டிருக்கவில்லை. நன்றி என்று ஒரு சொல். கீழேயே, தமிழ்க் கோப்பு தாமதமாக வந்தது என்று ஒரு புகார்.

“தாமதத்த என் பேர்ல எழுதிக்கறேன் அக்கா,” என்றார் குழுத் தலைவர். இவர் தலையாட்டினார்.

அடுத்த வாரம், அதே கோப்பைச் சரிபார்த்தவர்களின் தர அறிக்கை வந்தது. அதில் இவர் பேரில் ஒரு பெரிய பிழை இருந்தது. ஆறு வயது நிறையாத குழந்தைகளுக்குத்தான் இலவசம். இயந்திரம் ‘6 வயதுக்கு உட்பட்ட’ என்று எழுதியதை இவர் அப்படியே விட்டிருந்தார். ஆறு வயதுக் குழந்தையும் சேர்த்தி என்று படிக்க இடமிருந்தது.

“இதுக்கு மறுப்பு எழுதலாம் அக்கா. எல்லாரும் ‘உட்பட்ட’ன்னுதான் எழுதறாங்க,” என்றார் குழுத் தலைவர்.

“வேணாம். ஆறு வயசுப் பிள்ளையோட வந்து மேசை முன்னாடி நின்னு சண்ட போடுவாங்க. அந்தப் பக்கம் நின்னவ நான், எனக்குத் தெரியும். இது என் தப்புதான்.”

அறிக்கையில் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்ற கட்டத்தை அழுத்தினார். பிறகு குழுவின் சொற்பட்டியலைத் திறந்து, ‘6 வயது நிறைவடையாத’ என்று ஒரு வரி சேர்த்தார். அடுத்த கோப்பு வந்து காத்திருந்தது. மலை மேல் ஒரு விடுதி, முந்நூற்றுப் பத்து வாக்கியங்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படிக்க ஆரம்பித்தார்.