யாரும் திறந்து வைக்காத தண்ணீர்

மழைக்கால விடியலில் செஞ்சி மலைகள் இருக்கிற இடமே தெரியாது. மேகம் தாழ இறங்கிக் கோட்டையை மூடிவிடும். அந்தத் தேர்தலை நினைத்தால் எல்லாமே அந்த மேகத்துக்குள் நடந்ததுபோலத்தான் எனக்குத் தோன்றுகிறது.

நான் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்த்தேன். நான் பிறந்த அறுபதுகளில் உள்ளாட்சித் தேர்தலை அரசாங்கமே நடத்தியது. இப்போது அதற்கென்று தனியாக மாநிலத் தேர்தல் ஆணையம் இருந்தது. தேர்தல் அறிவித்ததுமே அதன் நடத்தை விதிகள் வந்துவிட்டன. ஓட்டு எண்ணி முடிக்கும்வரை புது வேலை தொடங்கக் கூடாது, அடிக்கல் நாட்டக் கூடாது, திறப்பு விழா கூடாது. பாறைகளில் எழுதியிருந்த விளம்பரங்களுக்கு வெள்ளையடித்தோம். பஸ் நிழற்குடைகளில் இருந்த பெயர்களைக் காகிதம் ஒட்டி மறைத்தோம். பெயர்களே இல்லாத ஊரில் ஜீப்பில் போவது கனவில் போவதுபோல் இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள், எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

அந்த நேரத்தில்தான் எங்கள் ஒன்றியத்துக் கிறிஸ்தவக் கிராமம் ஒன்றின் ஊராட்சித் தலைவர் வந்து என் மேசை முன்னால் நின்றார். எண்ணெய் காணாத தலையோடு திரிகிற மனிதர். தண்ணீர்த் தொட்டிக்காக ஐந்து வருடம் எங்கள் அலுவலகப் படியைத் தேய்த்தவர். தொட்டி கட்டி, குழாய் பதித்து, சோதனையும் முடிந்திருந்தது. திறப்பு விழாவுக்குப் பந்தல் சொல்லி வைத்திருந்தபோது தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. அவர் மறுபடியும் தலைவர் பதவிக்கு நின்றார். அந்தப் பதவிக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. ஆணையம் தந்த ஆட்டோ ரிக்‌ஷாதான் அவருடைய சின்னம்.

"பொம்பளைங்க இன்னும் ஏரிக்கரைக் கிணத்துக்குத்தான் போவுறாங்க மேடம். நான் ஒரு தேங்கா ஒடச்சி வால்வைத் தொறந்துட்டா போதும்."

"நீங்க வேட்பாளர். உங்க கை அதுல படக் கூடாது."

"சரி, ஞாயித்துக்கிழம சர்ச் பூசையில சாமியாரையாவது ஒரு வார்த்த சொல்லச் சொல்றேன்."

"கோயில்ல ஓட்டுக்குப் பேசறதும் தப்புதான்."

என் குரல் கொஞ்சம் கடுப்பாகவே வந்திருக்கும். எனக்குக் கோபம் மூக்கின் மேல்தான். ஆனாலும் அந்தப் பெண்களின் குடங்கள் இராத்திரியெல்லாம் என் தூக்கத்தில் மிதந்தன. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று அடுக்கி வைத்திருந்த வாக்குச்சீட்டுகளும் கூடவே மிதந்தன. விழாவைத்தானே விதி தடுக்கிறது, தண்ணீரை ஏன் தடுக்க வேண்டும்? பி.டி.ஓ.விடம் சொல்லி, மாவட்டத் தேர்தல் அலுவலரான கலெக்டரைக் கேட்கச் செய்தேன். முடிந்த வேலைதான் என்பதால், விழா எதுவும் இல்லாமல், அரசியல்வாதி யாரும் பக்கத்தில் இல்லாமல், அலுவலர்களே தண்ணீர் விடலாம் என்று பதில் வந்தது.

மறுநாள் விடியலில் நானும் தொட்டி ஆபரேட்டரும் போனோம். பந்தல் இல்லை, மாலை இல்லை. ஆபரேட்டர் வால்வைத் திருப்பினார். தெருக்குழாய் முதலில் இருமியது. பிறகு கலங்கலாக, பிறகு தெளிவாகத் தண்ணீர் வந்தது. கூடியிருந்த பெண்களுக்குக் கை தட்டுவதா, யாருக்காவது கும்பிடு போடுவதா என்று தெரியவில்லை. ஒருத்தி மட்டும் மெதுவாகச் சிலுவைக்குறி போட்டுக்கொண்டு குடத்தை வைத்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லோரும் பிடித்துக்கொண்டு போன பிறகு, மேகத்துக்குள்ளிருந்து தலைவர் வந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு.

"நான் ஒரு சொம்பு புடிச்சிக்கலாமா மேடம்? அதுக்கும் தட இருக்குதா?"

"தாராளமா புடிங்க. நீங்களும் இந்த ஊர்க்காரர்தானே."

நின்றபடியே குடித்தார். சொம்பை மறுபடி நிரப்பிக்கொண்டு போய்விட்டார்.

தேர்தலில் அவர் தோற்றார். எதிர்த்து நின்றவர் நல்ல பேச்சுக்காரர். தண்ணீரை சர்க்கார் விட்டது, இவர் என்ன செய்தார் என்று வீடு வீடாகக் கேட்டாராம். அவர் சொன்னதில் பொய் என்று எதைக் காட்டுவது? வால்வைத் திருப்பியது நாங்கள்தான்.

முடிவு வந்ததும் நடத்தை விதிகளும் விலகின. புதுத் தலைவர் பதவியேற்றதும் தொட்டிக்குத் தன் பெயரோடு சலவைக்கல் பதித்தார். திறப்பு விழாவுக்கு எங்கள் அலுவலகத்தையும் அழைத்தார். ஏற்கெனவே ஓடுகிற தண்ணீரை எப்படித் திறப்பது? அதனால் முதல் நாள் சாயங்காலமே வால்வை மூடிவிட்டார்கள். அந்தக் காலையில் பெண்கள் பழையபடி ஏரிக்கரைக் கிணற்றுக்குப் போய் வந்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் தடுக்க என்னிடம் விதி எதுவும் இல்லை. ரிப்பன் வெட்டினார்கள், தண்ணீர் வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். கூட்டத்தின் பின்னால் பழைய தலைவரும் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையில் அந்தச் சொம்பு இருந்ததால் மணிக்கட்டில்தான் தட்டினார், சத்தமே வரவில்லை.